ரத்னி செய்த வருஷம்

முற்றத்தில் நின்று இரண்டு முறை இருமினாள் சாவ்ணி. உள்ளே சோளம் உதிர்க்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"ரத்னி, நான்தான்."

"குரல் தெரியுது. செவிடாகலை இன்னும்."

"உள்ள வரவா?"

"வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சது நீயா நானா? வழி இருந்தா வா."

வழி இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் சாவ்ணி வாசலிலேயே குந்திக்கொண்டாள். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த இருவர். சாவ்ணி மூத்தவனைக் கட்டியவள், ரத்னி இளையவனைக் கட்டியவள். இரண்டு கணவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாவிலும் ஊர்ச்சாமி தேவதாவின் திருவிழாவிலும் தவிர இருவரும் ஒரே இடத்தில் நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன.

"நாளைக்கு நௌதார் வரணும் நீ. ரோட்டு ஆபீசுக்கு."

"எதுக்கு?"

"அந்த வருஷத்துக்குச் சாட்சி கேக்கறாங்க."

ரத்னி கையிலிருந்த சோளக் கதிரைக் கீழே வைத்தாள். எந்த வருஷம் என்று கேட்கவில்லை.

ஷில்காட்டிலிருந்து நௌதார் போகும் சாலையை எங்கள் ஊர்ப் பெண்கள்தான் போட்டார்கள். பொதுப்பணித் துறை போட்டது என்று பலகையில் எழுதியிருக்கும். கல்லை உடைத்ததும் சரிந்த மண்ணை அள்ளியதும் பனியை மண்வெட்டியால் வெட்டித் தள்ளியதும் இவர்கள். எல்லாம் தினக்கூலி. காலையில் மேஸ்திரி தில்லு ராம் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். யார் "ஆமாம்" என்கிறாளோ அவள் அன்றைக்கு அந்தப் பெயர்.

இதில் யாருக்கும் உறுத்தல் இருந்ததில்லை. வீட்டுக்கு ஒரு பெயர்தான் மஸ்டரில் ஏறும். மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் மருமகள் வருவாள். மருமகள் பிள்ளை பெற்றால் நாத்தனார் வருவாள். ஐப்பசியில் மலைச்சரிவில் புல் அறுக்கும் நாட்களில் பாதிப் பெயர்களுக்கு வேறு ஆட்கள்தான் வந்து நிற்பார்கள். பெயர் விடுபட்டால்தான் ஆபத்து. ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் இல்லையென்றால் அந்த வருஷம் வருஷமே இல்லை. தொடர்ச்சி அறுந்தால் நிரந்தரம் ஆகிறவர்கள் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் பெயரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கை யாருடையதாகவும் இருக்கலாம்.

சாவ்ணியின் பெயர் 1992இல் ஏறியது. அப்போதே அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. நல்ல கை. மற்றவர்கள் இரண்டு கூடை கல் உடைக்கும் நேரத்தில் மூன்று உடைப்பாள். மத்தியானம் உட்கார்ந்து பீடி பிடிக்கும்போது பேசமாட்டாள். 1996இல், பனி இளகத் தொடங்கிய சமயம், அவள் புருஷன் பாலக் ராமுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சிம்லாவுக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கோடை போயிற்று, மழைக்காலம் போயிற்று. ஆப்பிள் லாரிகளெல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் பிணத்தோடு திரும்பினாள்.

அதுவரை தினமும் காலையில் தில்லு ராம் "சாவ்ணி தேவி" என்று கூப்பிட்டபோது "ஆமாம்" என்றவள் ரத்னி. கூலியை வாங்கி அப்படியே சிம்லாவுக்கு அனுப்பினாள். ஆனி மாதம் சாலையின் ஒன்பதாம் வளைவில் மதகு கட்டினார்கள். அங்கே உருண்ட கல் ஒன்று ரத்னியின் இடது காலில் விழுந்து சுண்டுவிரல் போயிற்று. அடுத்த வாரமே, துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

2002 தை பிறந்தபோது சாவ்ணியை நிரந்தரம் ஆக்கினார்கள். ஊருக்கெல்லாம் வெல்லம் கொடுத்தாள். ரத்னி முற்றத்தில் நின்று, எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "இதுல ஒரு வருஷம் என்னோடது, மறந்துடாத அக்கா." என்ன நினைத்தாளோ சாவ்ணி, "நாலு நாள் எனக்குப் பதிலா வந்துட்டு வருஷம்ங்கறியா?" என்றாள். ஒருவேளை நிரந்தரத்தை யாரோ பறித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். ரத்னி வாயிலிருந்த வெல்லத்தைத் துப்பிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கோடையில் சுவர் எழும்பியது.

நிரந்தரமாக ஆறு வருஷமும் ஒரு மாதமும் வேலை பார்த்தாள் சாவ்ணி. அறுபது வயதில் கழுத்தில் சாமந்தி மாலை போட்டு ஜீப்பில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பென்ஷன் இல்லை. பத்து வருஷம் நிரந்தர வேலை பார்த்தால்தான் பென்ஷன். ஒரு தொகையைக் கையில் கொடுத்தார்கள். அது மகளின் கல்யாணக் கடனுக்குச் சரியாகப் போயிற்று. மகள் குலூ பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். "எங்கிட்ட வந்துடும்மா" என்று ஒவ்வொரு குளிர்காலமும் கூப்பிட்டாள். மருமகன் கூப்பிடவில்லை.

பத்து வருஷம் கழித்து பஸ்ஸில் ஒருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது, கோர்ட்டு ஏதோ சொல்லியிருக்கிறது என்று. நௌதார் ஆபீசில் குமாஸ்தா நரோத்தம் எங்கள் பள்ளத்தாக்குக்காரன்தான். விரலை மடக்கி விளக்கினான்.

"தினக்கூலி அஞ்சு வருஷத்தை நிரந்தரத்துல ஒரு வருஷமா எடுத்துக்கணும். உனக்குத் தினக்கூலி பத்து வருஷம். அப்ப ரெண்டு. அதோட ஆறும் ஒரு மாசமும். எட்டைத் தாண்டிடுச்சா? எட்டைத் தாண்டினவங்களுக்குப் பத்துன்னே வெச்சுக்கணும்னு தீர்ப்பு. பத்து இருந்தா பென்ஷன் உண்டு."

"அப்ப எனக்கு உண்டு."

"உண்டு மாதிரிதான். ஆனா 96ஆம் வருஷத்து மஸ்டர் ரோல் இல்லை. ஸ்டோர் ரூம் ஒழுகி மக்கிப்போச்சு. உன்னை நிரந்தரமாக்கினப்போ போட்ட பட்டியல்ல அந்த வருஷம் இருக்கு. மூலம் எங்கேன்னு மேல கேக்கறாங்க."

"ஒரு வருஷம்தானே. மீதி ஒன்பது இருக்கே."

"ஒன்பதை வெச்சா எட்டைத் தொடாது, பெரியம்மா. மயிரிழைல நின்னுபோகும்." பிறகு அவனே வழியும் சொன்னான். கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும். அவளும் ஒன்று கொடுக்க வேண்டும். ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினீயர், விசாரித்து எழுதினால் மேலே ஏற்றுக்கொள்வார்கள்.

அன்றைய குழுவில் பதினோரு பெயர்கள். இப்போது உயிரோடு இருப்பவர்கள் தில்லு ராமும், ஒன்றிரண்டு நினைவு தப்பியவர்களும். பிறகு, எந்தப் பெயரிலும் இல்லாத ரத்னி. 96க்கு அடுத்த சில வருஷங்கள் மழைக்கால வேலையில் அவளுடைய சொந்தப் பெயரும் மஸ்டரில் ஏறி இறங்கியிருந்தது. கூட வேலை பார்த்தவள் என்று எழுத அது போதும் என்றான் நரோத்தம்.

அதற்காகத்தான் சாவ்ணி வாசலில் குந்தியிருந்தாள்.

"என்னன்னு சொல்லணும்?" என்றாள் ரத்னி.

"அந்த வருஷம் பூரா நான் வேலை பார்த்தேன்னு."

"நீ."

சாவ்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலு நாள்னியே அக்கா. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால. எனக்குக் காசா கேட்டேன்? வேலையா கேட்டேன்? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெல்லம் முழுங்கியிருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமாம். எப்பத்துலேர்ந்து?"

ரத்னி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். உள்ளேயிருந்து ரத்னியின் மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து இரண்டு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனாள். மாதம் நிறைந்திருந்தது. ரத்னியின் மகன் டிக்கம் அதே சாலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறான்.

"டீயைக் குடி" என்றாள் ரத்னி. "ஆறினா நல்லா இருக்காது. காலையில டிக்கம் வண்டியிலயே போயிடலாம்."

ஆபீஸ் முன்னால் இருந்த டீக்கடையில் தில்லு ராம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். தொப்பி புதிது. ரத்னியைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"மகாராணியும் வந்தாச்சா. கால் எப்படி இருக்கு?"

"ஒன்பது விரலோட இருக்கு. நீங்க எப்படி, எழுதிக் கொடுத்தாச்சா?"

"காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பொய்ச் சத்தியம்."

"எது பொய்? சாவ்ணி தேவின்னு கூப்பிட்டேன். தினமும் ஆள் வந்துச்சு. வேலை நடந்துச்சு. மதகு இன்னும் நிக்குது, போய்ப் பாரு. இதுல பொய் எங்கே இருக்கு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க ரெண்டு பேரும். உங்க ஓரகத்திச் சண்டையை ஊருக்குப் போய் வெச்சுக்குங்க. உள்ள வாய் தவறி ஏதாவது வந்துச்சுன்னா, ஆள் மாத்தி மஸ்டர் எழுதின மேஸ்திரின்னு என் பென்ஷனுக்கும் வந்துடுவாங்க. எனக்கு மருந்தே அதுலதான் வாங்கறேன்."

"உங்க தொப்பியும் அதுலதானே," என்றாள் ரத்னி.

சாவ்ணி சிரிக்கவில்லை. அவள் டிக்கமின் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் தக்காளிப் பெட்டிகள். முன்கண்ணாடியில் தேவதாவின் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

ஜே.இ. இளைஞர், சமவெளிப் பக்கத்துக்காரர். பள்ளத்தாக்கின் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். நரோத்தம்தான் பத்திரத்தைப் படித்துச் சொன்னான். ஓரத்தில் நோட்டரி முத்திரைக்கு இடம் விட்டிருந்தது. நோட்டரி எதிர்க்கடையில் காத்திருந்தார்.

"ரத்னி தேவி ஆகிய நான், ஈஸ்வரனைச் சாட்சியாக வைத்துச் சத்தியமாகச் சொல்வது என்னவென்றால்..."

"எந்த ஈஸ்வரன்?" என்றாள் ரத்னி.

நரோத்தம் நிமிர்ந்தான். இது வழக்கமான வாசகம். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். யாரும் கேட்டதில்லை. அவனுக்கு மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று கோப்புகள் முடிக்க வேண்டியிருந்தது.

"நம்ம தேவதாதான். வேற எந்த ஈஸ்வரன் வரப்போறார் சாட்சிக்கு? மேல கேளு."

மேலே அவன் படித்தது ரத்னியின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஊரில் பட்டா தகராறுக்கு நூறு பொய்ப் பத்திரம் எழுதுகிறவன்கூட தேவதாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விடுவான். அந்தச் சத்தியம் சொன்னவன் தலையோடு நிற்காது, வீட்டுக்கு வரும், பிறக்காத பிள்ளைக்கும் வரும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்தப் பெயரை வைத்துச் சத்தியம் செய்யவே மாட்டார்கள், நிஜத்துக்குக்கூட.

"...மேற்படி சாவ்ணி தேவி 1996ஆம் ஆண்டு முழுவதும் தன் கையால் வேலை செய்ததை நான் உடனிருந்து பார்த்தேன். சரிதானே? கட்டைவிரல்."

மைப்பெட்டியைத் தள்ளினான். ரத்னி அதைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே டிக்கம் வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடு அசைந்தது. பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள்.

சாவ்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்."

"விடு அக்கா."

"வேண்டாம் ரத்னி. மருமக வயித்துல..."

"எனக்குத் தெரியாதா? விடு. அன்னைக்கும் நான்தானே வெச்சேன் கட்டைவிரல். இன்னும் ஒண்ணு."

மை இருவர் கையிலும் ஒட்டியது. ஜே.இ. நரோத்தமைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லை சாப். குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயம் இல்லை," என்றாள் சாவ்ணி. ஜே.இ.யைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "சாப், அந்த வருஷம் நான் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தார். இவதான் என் பேர்ல வேலை பார்த்தா. நாலு நாள் இல்லை. வருஷம் பூரா. கால் விரல் போச்சு இவளுக்கு, மதகுல."

அறையில் மின்விசிறி இல்லை. பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தது கேட்டது. வாசலில் நின்றிருந்த தில்லு ராம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் ஜே.இ. "நீங்க சொன்னது எனக்குச் சரியாப் புரியலை. வெளியே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வந்து மறுபடி சொல்லுங்க."

"புரிஞ்சிருக்கு சாப் உங்களுக்கு."

"பெரியம்மா," நரோத்தம் எழுந்தே விட்டான். "என்ன பேசறேன்னு தெரிஞ்சு பேசறியா? வேற ஆள் உன் பேர்ல வேலை பார்த்தாள்னு எழுதினா, நிரந்தரம் ஆனதையே தோண்டுவாங்க. அப்ப வாங்கின காசைத் திருப்பிக் கொடுன்னுகூடக் கேப்பாங்க. மேஸ்திரி கதி என்ன? சும்மா இரு. அவ விரலை வெக்கட்டும், நீ விரலை வை, வீட்டுக்குப் போ. பென்ஷன் வரும். சாகற வரைக்கும் வரும்."

சாவ்ணி ரத்னியின் கையை விடவில்லை. மை காயத் தொடங்கியிருந்தது.

"சாப்," என்றாள். "அந்த வருஷத்தை விட்டுடுங்க. எழுத வேண்டாம்."

ஜே.இ. வெகுநேரம் பத்திரத்தையே பார்த்தார். விரல் வைக்காத அந்தத் தாளை மடித்து நான்காகக் கிழித்தார். தில்லு ராம் காலையில் கொடுத்த பத்திரத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வாசல் பக்கம் நீட்டினார். தில்லு ராம் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். பிறகு குறிப்புத் தாளில் ஜே.இ. தன் கையாலேயே ஒரு வரி எழுதி நரோத்தமிடம் கொடுத்தார். நரோத்தம் படித்துவிட்டு மெல்லச் சொன்னான்: "1996ஆம் ஆண்டுக்குச் சாட்சியம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கார்."

"அப்ப ஒன்பது," என்றாள் சாவ்ணி.

"ஒன்பது."

வெளியே வந்ததும் தில்லு ராம் தன் பத்திரத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டார். யாரையும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

ரத்னி குழாயடியில் கட்டைவிரலைக் கல்லில் தேய்த்துக் கழுவினாள். மை போகவில்லை.

"பைத்தியம் பிடிச்சிருக்கு உனக்கு," என்றாள். "இருபது வருஷமா சொல்லாத வார்த்தையை இன்னைக்கு, இங்க வந்துதான் சொல்லணுமா? நம்ம முற்றத்துல சொல்லியிருந்தா யாருக்கும் செலவில்லை."

"முற்றத்துல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது."

"வந்து?"

"வரலை."

"இப்ப என்ன பண்ணுவே? குலூ போயிடுவியா, மருமகன் வீட்டுக்கு?"

சாவ்ணி கைகளைத் துப்பட்டாவில் துடைத்தாள். துணியில் கறுப்பாக ஒட்டியது.

"புல்லு அறுத்து முடிஞ்சதும் பார்க்கலாம்."

டிக்கம் ஹாரன் அடித்தான். மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து திரும்பினார்கள். ஒன்பதாம் வளைவில் மதகைக் கடக்கும்போது யாரும் அதைப் பார்க்கவில்லை. டிக்கம் மட்டும் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தான்; அங்கே சாலை கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் சரிவில் புல் அறுத்தார்கள். சாவ்ணி தன் பங்கில் மேலிருந்து கீழாகவும் ரத்னி தன் பங்கில் கீழிருந்து மேலாகவும் அறுத்து வந்தார்கள். மத்தியானம் இருவரும் எல்லைக் கல் பக்கத்தில் உட்கார்ந்து சோள ரொட்டி சாப்பிட்டார்கள். அதிகம் பேசவில்லை. நௌதாரில் நரோத்தம் சாவ்ணி தேவியின் கோப்பை முடித்து, தகுதியான பணிக்காலம் போதவில்லை என்று எழுதி, கையெழுத்துக்கு மேலே அனுப்பினான். மாலையில் மேகம் கட்டியது. மழை வரவில்லை. அறுத்த புல்லைக் கட்டிச் சுமந்துகொண்டு எல்லாரும் இறங்கினார்கள்.